ஆறு மாத லீவுக்கு முன் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவது எப்படி: ஒரு அக்கவுண்டன்டின் செய்முறை

முதல் பிரசவத்துக்கு லீவில் போனபோது மூன்று பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனேன். “மாதம் 7-க்குள் டிடிஎஸ் கட்டவும், 20-க்குள் ஜிஎஸ்டி தாக்கல் செய்யவும்” என்று வரிசையாக, அழகாக. பிரசவ வார்டில் இருந்தபோது ஆபீஸிலிருந்து போன். “அக்கா, உங்க நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், பத்து நிமிஷத்துல சொல்லணும்.” என் போன் என் அம்மாவின் பையில், பை வீட்டில்.

தேதிகளை எல்லாம் எழுதியிருந்தேன். ஆனால் அவை எந்த ஆடிட்டரிடம் கேட்டாலும் கிடைப்பவை. ஓடிபி யாருக்குப் போகும், பாதியில் நிற்கும் விஷயங்கள் எவை என்று என் தலையில் மட்டும் இருந்தவை எதுவும் அந்தக் குறிப்பில் இல்லை. இரண்டாவது முறை, வேறொரு சிறிய பனியன் கம்பெனியிலிருந்து ஜூன் நடுவில் 26 வார லீவில் போனபோது எழுதிய விதத்தைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் வேலை கணக்கு இல்லை என்றாலும் முறை இதேதான்.

முதல் படி: ஒரு முழு மாதம் உங்களையே கவனியுங்கள்

கடைசி வாரத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். கை தானாகச் செய்கிற வேலை நினைவுக்கு வராது. அதனால் லீவுக்கு ஆறு வாரம் முன்பே மேசைக் காலண்டரில் அன்றன்று செய்ததைக் கிறுக்கி வையுங்கள். “டைம் ஆபீஸில் வருகைப் பட்டியல் வாங்கினேன், இரண்டு பேர் டோக்கன் நம்பர் தவறு” என்ற அளவில் போதும். குறிப்பு எழுதும்போது அதைப் பார்த்து எழுதலாம். பிரசவ லீவு என்றால் இன்னொரு காரணமும் உண்டு: குழந்தை தேதி பார்த்து வராது. நான் போக நினைத்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே குறிப்பின் முதல் பிரதி தயாராக இருந்தது.

அப்புறம், மாதாமாதம் வராத வேலைகள். ஒரு மாதக் காலண்டரில் இவை சிக்காது. ஜூன் முதல் டிசம்பர் வரை போகிறீர்கள் என்றால் நடுவில் ஜூலை 31, அக்டோபர் 31 டிடிஎஸ் காலாண்டுத் தாக்கல்கள் வரும், தீபாவளி போனஸ் கணக்கு வரும், ஈஎஸ்ஐ பங்களிப்புக் காலம் செப்டம்பர் 30-இல் முடியும். கடைசியாகச் சொன்னதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஜூலையில் ஒருவருக்குச் சம்பளம் ஏறி ஈஎஸ்ஐ வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டது என்றால் அந்த மாதமே அவரை ஈஎஸ்ஐ-யிலிருந்து எடுத்துவிடக் கூடாது. செப்டம்பர் முடியும் வரை பிடிக்க வேண்டும், அக்டோபரில்தான் எடுக்க வேண்டும். சென்ற வருடக் கோப்பைப் புரட்டி, இதே ஆறு மாதத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று பாருங்கள். இப்படிப்பட்டவை அதில் கிடைக்கும்.

இரண்டாம் படி: பாதியில் நிற்பவை முதல் பக்கத்தில்

வழக்கமான வேலையைப் புதியவர் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார். பாதியில் நிற்பதை அவரால் கண்டுபிடிக்கவே முடியாது. அது எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதனால் முதல் பக்கம் அதற்குத்தான். ஒவ்வொன்றுக்கும் இப்போது எங்கே நிற்கிறது, அடுத்து என்ன, எதைச் செய்யக் கூடாது என்ற மூன்றும் வேண்டும். மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் இடத்தைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு நான் எழுதியதில் ஒன்றைப் பாருங்கள். அதில் வரும் GSTR-2B, நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் மாதப் பட்டியல். GSTR-3B, நாம் வரி கட்டும் மாதத் தாக்கல். 2B-யில் உள்ள பில்லின் ஜிஎஸ்டியை 3B-யில் நம் வரியிலிருந்து கழித்துக்கொள்வதைத்தான் ‘எடுப்பது’ என்போம்:

> நூல் மில்லின் மே மாத பில், மதிப்பு ரூ. 4,00,000, ஜிஎஸ்டி ரூ. 20,000. நூல் வந்துவிட்டது, டேலியில் பதிவும் ஆகிவிட்டது. ஆனால் ஜூன் 14-இல் வந்த GSTR-2B-யில் இந்த பில் இல்லை. மில் அக்கவுண்டன்டிடம் பேசினேன். விட்டுப்போய்விட்டது, ஜூன் மாதத் தாக்கலில் சேர்க்கிறேன் என்றார்.
>
> ஜூலை 11 காலையில் அவருக்கு ஒரு போன் போட்டு, சேர்த்தாரா என்று கேளுங்கள். ஜூலை 14-இல் 2B-யைத் திறந்து பாருங்கள். இருந்தால் GSTR-3B-யில் இந்த 20,000-ஐ எடுத்துக்கொள்ளலாம்.
>
> இல்லாவிட்டால் எடுக்காதீர்கள், டேலியில் இருக்கிறதே என்று எடுத்துவிடக் கூடாது. மில்லுக்கு அடுத்த பணம் போகும்போது ரூ. 20,000 நிறுத்தி வைக்க ஓனர் சம்மதித்திருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதில் எந்த வரியை எடுத்தாலும் தம்பி எனக்குப் போன் செய்திருப்பார். “நூல் மில் பில் பெண்டிங், ஃபாலோ பண்ணவும்” என்று எழுதியிருந்தால் அது குறிப்பே அல்ல. ஓனர் சம்மதித்தார் என்பதையும் கவனியுங்கள். வாய்மொழியாக நடந்த ஒப்புதல்களை எழுதாமல் போனால், புதியவர் அந்த மில்காரரிடம் நின்று வாதாட முடியாது.

எனக்கு இப்படி ஏழு விஷயங்கள் இருந்தன. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் லீவுக்கு முன்பே சிலவற்றை முடித்துவிடப் பாருங்கள்.

மூன்றாம் படி: தேதி வரிசை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே நீளம் வேண்டாம்

மாத வேலைகளைத் தேதிப்படி எழுதுங்கள். 11 விற்பனைத் தாக்கல், 15 பிஎஃப் மற்றும் ஈஎஸ்ஐ, 20 GSTR-3B. இவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிகள் போதும்: எந்தக் கோப்பிலிருந்து எண் வருகிறது, ரசீது எங்கே வைக்கப்படுகிறது. தவறினால் அதிகம் வலிக்கிற தேதிக்குத்தான் இடம் கொடுக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் அது 7, பில்களில் பிடித்த வரியான டிடிஎஸ்ஸைக் கட்டும் நாள்.

காரணத்தையும் எழுதினேன். டிடிஎஸ் ஒரு நாள் தாமதமானால் ஒரு நாள் வட்டிதானே என்று புதியவர் நினைப்பார். அப்படி இல்லை. மாதத்துக்கு 1.5 சதவீதம், பிடித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம்தான். ஜூன் 28-இல் ஜாப் ஒர்க் பில்களில் ரூ. 18,400 பிடித்தோம், ஜூலை 8-இல் கட்டினோம் என்று வையுங்கள். ஜூன் ஒரு மாதம், ஜூலை ஒரு மாதம். 3 சதவீதம், ரூ. 552. ஒரே நாள் தாமதத்துக்கு! இந்தக் கணக்கைக் குறிப்பில் போட்டதும் தம்பி தானாகவே 5-ஆம் தேதி செலான் போட ஆரம்பித்துவிட்டார். மார்ச் மாதம் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. என் லீவுக்குள் அது வராததால் எழுதவில்லை. லீவுக்கு வெளியே விழுகிற எதையும் குறிப்பில் திணிக்காதீர்கள்.

நான்காம் படி: ஓடிபி எங்கே போகிறது?

இதைத்தான் நான் முதல் முறை கோட்டை விட்டேன். உங்கள் வேலையில் உள்ள ஒவ்வொரு தளத்திலும் உள்ளே போய், பதிவான மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள்: ஜிஎஸ்டி, வருமான வரித் தளத்தில் டிடிஎஸ்ஸுக்கான டேன் கணக்கு, பிஎஃப், ஈஎஸ்ஐ, வங்கி. சிறிய கம்பெனிகளில் கையெழுத்து அதிகாரம் ஓனருக்கு இருக்கும், ஆனால் யாரோ ஒரு நாள் அவசரத்தில் அக்கவுண்டன்டின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள்.

ஜிஎஸ்டி தளத்தில் மாற்றும் வழி இது:

```
Services > Registration >
Amendment of Registration Non-Core Fields
```

அதில் கையெழுத்திடுபவரின் பகுதியில் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றலாம். புதிய எண்ணுக்கும் புதிய மின்னஞ்சலுக்கும் தனித்தனி ஓடிபி வரும். ஆகவே அந்தப் போன் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. வங்கி அப்படியல்ல, கிளைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும், நாளாகும். அதனால் வங்கியை முதலில் தொடங்குங்கள்.

நாங்கள் கம்பெனி பெயரில் ஒரு சிம் வாங்கி, பழைய பட்டன் போனில் போட்டு, ஓனர் மேசையில் வைத்தோம். ஓனர் இருக்கும்போதுதான் ஓடிபி கிடைக்கும் என்பது தொல்லையாகத் தெரியலாம். எனக்கு அது சரியாகவே படுகிறது, வரியும் கையெழுத்தும் அவருடையவைதானே. ரீசார்ஜ் முடிந்தால் எஸ்எம்எஸ் நின்றுபோகும் என்பதால் ரீசார்ஜ் தேதியும் குறிப்பில் ஒரு வரியாக ஏறியது. ஓனரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எப்போது காலாவதியாகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கடவுச்சொற்களைக் குறிப்பில் எழுத வேண்டாம். குறிப்பு நாலு பேர் கையில் போகும். “கடவுச்சொற்கள் ஒட்டிய உறையில், ஓனர் பீரோவில்” என்ற வரி போதும்.

ஐந்தாம் படி: கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்

எழுதியதை நீங்களே படித்துப் பார்த்தால் எல்லாம் புரியும், ஏனென்றால் எழுதியது நீங்கள். ஜூன் 7-க்கான டிடிஎஸ் வேலையைத் தம்பியிடம் கொடுத்து, குறிப்பை மட்டும் வைத்துச் செய்யச் சொன்னேன். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது வரியிலேயே நின்றார். “டேலியில் டிடிஎஸ் அறிக்கை எடுக்கவும்” என்று எழுதியிருந்தேன். திறந்தார், எடுத்தார், ஒன்றுமே இல்லை. எங்கள் டேலியில் ஒரே பெயரில் இரண்டு கம்பெனிகள் இருந்தன, வருடம் பிரித்தபோது வந்தவை. அவர் பழைய வருடத்தைத் திறந்திருந்தார். எனக்கு அப்படி இரண்டு இருப்பதே மறந்துவிட்டது, கை எப்போதும் கீழே உள்ளதைத்தான் அமுக்கும். அங்கேயே பேனாவால் திருத்தினேன்: “இரண்டில் கீழே உள்ளது, திறந்ததும் மேலே ஏப்ரல் 1 முதல் என்று நடப்பு நிதியாண்டு காட்ட வேண்டும்.”

இந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும், சரியாக நடந்தால் திரையில் என்ன தெரியும் என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் அவர் தவறான இடத்தில் நின்றுகொண்டு, அந்த மாதம் டிடிஎஸ்ஸே இல்லை போல என்று மூடிவிட்டுப் போயிருப்பார்.

ஆறாம் படி: எப்போது கூப்பிடலாம்

“எதுவானாலும் போன் பண்ணுங்க” என்று எழுதாதீர்கள். நல்ல மனதோடு எழுதுவதுதான், ஆனால் எல்லாவற்றுக்கும் போன் வரும். கேள்வி எங்கே போக வேண்டும் என்று பிரித்து எழுதினேன். வரி சந்தேகம் என்றால் ஆடிட்டர் ஆபீஸ், பணம் நிறுத்துவது கொடுப்பது ஓனர், வருகைப் பதிவு டைம் ஆபீஸ். துறையிலிருந்து நோட்டீஸ் வந்து, அது நான் பார்த்த காலத்தைப் பற்றியது என்றால் மட்டும் எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம். ஆறு மாதத்தில் இரண்டு முறைதான் வந்தது.

குறிப்பை இரண்டு பிரதி எடுத்து, வலது பக்கம் நல்ல அகலமாக ஓரம் விட்டுக் கொடுத்தேன். டிசம்பரில் திரும்பி வந்தபோது அந்த ஓரம் முழுக்கப் பென்சில். நூல் மில் பத்தியின் பக்கத்தில் “ஜூலை 14 வந்துவிட்டது, எடுத்தாயிற்று.” சிம் வரியின் பக்கத்தில், “திட்டம் மாற்றியாச்சு அக்கா, இனி 84 நாளுக்கு ஒரு தடவை போதும்.”