மேலிருந்து எடுக்கும் படத்தில் போன் நிழல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கினால் சுங்கை சிப்புட் பக்கம் பாதி வீடுகள் கடையாகிவிடும். முறுக்கு, வளையல், ஆரி வேலை செய்த ரவிக்கை என்று வாட்ஸ்அப்பில் படங்கள் வந்துகொண்டே இருக்கும். பொருளை மேசையில் பரப்பி, நேர் மேலிருந்து எடுத்த படங்கள்தான் பெரும்பாலும். அவற்றில் பலவற்றின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம் விழுந்திருக்கும், அதன் இருபுறமும் விரல்கள் தெரியும். நான் தொடங்கிய காலத்தில் என் படங்களிலும் இருந்த அதே நிழல்தான். புதிதாக வருகிறவர்கள் அதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். லென்ஸைத் துடைப்பது, கை நடுங்காமல் பிடிப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விடுகிறேன்.

"எடிட்ல சரி பண்ணிடலாம்"

காசை உண்மையிலேயே விழுங்குகிற தவறு இதுதான். இன்றைக்கும் யாராவது இப்படிச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும்.

எங்கள் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி ஆரி வேலை செய்கிறாள். அரக்கு நிறப் பட்டில் தங்க ஜரிகை வைத்து ஒரு ரவிக்கை. வெள்ளை மணிலா அட்டையில் விரித்து, வீட்டுக் கூடத்து டியூப் லைட்டுக்கு நேர் கீழே நின்று எடுத்திருக்கிறாள். போன் நிழல் கழுத்துப் பகுதியில் பாதியை மூடியிருந்தது. "அண்ணே, Shadows-ஐ ஏத்தினேன், நிழல் போயிடுச்சு" என்று சந்தோஷமாகக் காட்டினாள். நிழல் கொஞ்சம் வெளுத்திருந்தது உண்மைதான். ஆனால் அரக்கு ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்து ஒரு பெண் ரோஜா நிறம் என்றே நினைத்து, தன் அளவும் கொடுத்து ஆர்டர் செய்தாள். துணி கையில் கிடைத்ததும் "நான் கேட்டது இது இல்லை" என்று திருப்பிவிட்டாள். 120 வெள்ளியும் தபால் செலவும் போயிற்று. ஒருவருடைய அளவுக்குத் தைத்த ரவிக்கையை இன்னொருவருக்கு எங்கே விற்பது?

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். Shadows என்ற பெயரைப் பார்த்து அது நிழலை எடுக்கும் என்று நினைக்கிறோம். அது செய்வது வேறு: படத்தில் எங்கெல்லாம் இருட்டாக இருக்கிறதோ, அங்கெல்லாம் வெளிச்சத்தைக் கூட்டும். அந்த இடம் நிழல் விழுந்ததால் இருட்டா, இல்லை துணியின் நிறமே அப்படியா என்று அதற்குத் தெரியாது. வெள்ளை அட்டையில் விழுந்த நிழல் வெறும் சாம்பல்தான். அரக்குப் பட்டு நல்ல வெளிச்சத்தில் இருக்கும்போதே அந்தச் சாம்பலைவிடக் கறுப்பு. ஆகவே நிழலைத் தூக்கப் போனால் முதலில் தூக்கப்படுவது துணிதான். நிழல் முழுதாகப் போகிற வரைக்கும் ஏற்றினால் துணி வெளுத்து, படத்தில் புள்ளி புள்ளியாக மணல் போலத் தெரியத் தொடங்கும். அந்த மணலைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம், எல்லை தாண்டிவிட்டோம் என்று. அரக்கு, கருநீலம், பச்சைப் பட்டு, கறுப்பு மணி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

பொருளை அழிக்கும் கருவி வைத்து நிழலைத் தேய்த்து எடுக்கலாமே என்பார்கள். சுற்றிலும் உள்ளதை எடுத்து ஒட்டுப் போடுவதுதான் அதன் வேலை. வெறும் வெள்ளை அட்டையில் ஒட்டு தெரியாது. பாயின் மேலோ மரப்பலகையின் மேலோ அதே கோடு, அதே முடிச்சு இரண்டு இடத்தில் வந்து நிற்கும். ஜரிகை ஓரத்தைத் தொட்டுவிட்டால் நூலையும் தின்றுவிடும், வாங்குகிறவர் பார்ப்பது இல்லாத ஒரு வேலைப்பாட்டை.

எடிட்டில் காப்பாற்ற முடிகிற நிலை ஒன்று உண்டு. நிழல் பின்னணியில் மட்டும் விழுந்து, பொருளைத் தொடாமல் இருந்தால் போதும். முதலில் ஓரத்தை வெட்டிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே முடிந்துவிடும். வெட்ட முடியாவிட்டால் Snapseed-இல் Selective எடுத்து, நிழல் விழுந்த வெள்ளைப் பகுதியில் புள்ளி வைத்து, இரண்டு விரலால் அதன் வட்டத்தைச் சுருக்கி, Brightness-ஐ மட்டும் ஏற்றுங்கள். வட்டம் துணிக்குள் நுழையக் கூடாது. நிழல் பொருளின் மேலேயே விழுந்திருந்தால் மறுபடி எடுங்கள். வேறு வழி கிடையாது.

வெளிச்சம் போதவில்லை என்று மேல்விளக்கைப் போடுவது

நிழல் எங்கே விழும் என்பது விளக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விளக்கு தலைக்கு மேலே, போன் நடுவில், பொருள் கீழே என்று மூன்றும் ஒரே கோட்டில் நின்றால் நிழல் பொருளின் மேல் விழாமல் எங்கே விழும்? ஆகவே எடுக்கும்போது மேல்விளக்கை அணையுங்கள். கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, போன் அதைச் சமாளிக்கும்.

ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போதே மேல்விளக்கையும் போடுகிறவர்கள் உண்டு. அதில் இன்னொரு வம்பு. மஞ்சள் பல்பு எரிகிறது, ஜன்னலில் வானத்து வெளிச்சமும் வருகிறது என்று வையுங்கள். போன் மறைப்பது பல்பின் மஞ்சளை மட்டும்தான். மறைந்த இடத்தில் ஜன்னலின் வெளிச்சம் மட்டும் மிஞ்சும், அது நீலமாகத் தெரியும். இந்த நிழலை எவ்வளவு வெளுக்க வைத்தாலும் அட்டையில் நீலத் திட்டு நிற்கும். நிறத்தைச் சரிசெய்யப் போனால் மற்ற இடம் மஞ்சளாகும். ஒரு படத்துக்கு ஒரு வகை வெளிச்சம்தான்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பது

ஜன்னல் பக்கம் வந்த பிறகும் நிழல் விழுகிறது என்கிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் நிற்பார்கள். போன் நிழல் போய் ஆள் நிழல் வந்துவிடும். ஜன்னல் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்க வேண்டும்.

அந்த ரவிக்கையை மறுபடி எடுத்ததைச் சொல்கிறேன். மேசையை நாக்கோ ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டோம். வெயில் கண்ணாடிப் பட்டைகள் வழியாக நேரே வந்து அட்டையில் கோடு கோடாக விழுந்தது. ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டியதும் கோடுகள் மறைந்து, ஜன்னல் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகிவிட்டது. அப்புறம் டியூப் லைட்டையும் விசிறியையும் அணைத்தோம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு மணிலா அட்டையை அரிசி டின்னில் சாய்த்து நிறுத்தினோம். ரவிக்கை மடிப்பின் இருட்டுப் பக்கத்துக்கு அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

படம் எடுக்கும் முன் அவள் செய்த சோதனையை நீங்களும் செய்யுங்கள். போன் இருக்கப்போகும் உயரத்தில் வெறும் கையை விரித்துப் பிடித்து, கீழே அட்டையைப் பாருங்கள். கையின் வடிவம் தெரிந்தால் படத்திலும் தெரியும். கையை அசைக்கும்போது கூடவே அசைகிற திட்டு உங்களுடையது. அசையாமல் நிற்பது பொருளின் சொந்த நிழல்.

அன்று கையின் வடிவம் தெரியவில்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. போன் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, வெளிச்சம் 45 பாகைச் சாய்வில் வந்தால் நிழல் 60 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். 30 பாகை என்றால் ஒரு மீட்டர். ரவிக்கையின் நடுவிலிருந்து ஓரம் வரை 25 சென்டிமீட்டர்தான், ஆகவே நிழல் படத்துக்கு வெளியே போய்விடுகிறது. அதே பொருளைத் தரையில், உயரமான ஜன்னலுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் மேலிருந்து செங்குத்தாக இறங்கும், நிழலும் திரும்பி வந்துவிடும். மேசையும் ஜன்னலின் அடிப்பகுதியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதுதான் நல்லது.

போனைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது

பொருள் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று குனிந்துகொண்டே போவார்கள். போன் நெருங்க நெருங்க நிழல் கறுத்து, ஓரம் கூர்மையாகும். எதிர்த்திசையில் போங்கள்: 2x வைத்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்துக்குப் போங்கள், ஒரு நாற்காலியில் ஏறி நின்றாவது. சட்டத்துக்குள் பொருள் அதே அளவுதான் இருக்கும். நிழல் விழுந்தாலும் வெளிறிக் கலைந்துவிடும். ஓரத்தில் இருக்கும் கை வேலைப்பாடு இழுத்து நீட்டியது போலத் தெரிவதும் குறையும்.

கை நிழல் மட்டும் மிஞ்சினால், ஜன்னலுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் போனைப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் கை வெளிச்சத்தை மறிக்காது. போனை நிலையாக வைக்க ஓர் ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது. டைமரை 3 வினாடிக்கு வைத்துக் கையையே எடுத்துவிடலாம்.

மதியம் வெளியே எடுப்பது

நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, 1 மணி தாண்டித்தான். அந்த நேரத்தில் முற்றத்தில் எடுத்தால் வெயில் செங்குத்தாக இறங்கி, போனின் நிழலைக் கத்தரித்து வைத்தது போலப் பொருளின் மேல் பதிக்கும். தகரக் கூரை போட்ட முன்வாசலில், வெயில் படாத ஓரத்தில், ஒரு பக்கம் வானம் தெரிகிற மாதிரி வையுங்கள். எந்த மணிக்கும் சரிப்படும்.

ஃபிளாஷ்

வேண்டாம். ஜரிகையும் கல்லும் வெள்ளைப் புள்ளியாகிவிடும்.

இல்லாத நிழலைத் துரத்துவது

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் வெள்ளை அட்டை சாம்பலாகத் தெரிகிறது என்பார்கள். அது நிழல் இல்லை. படம் முழுக்க வெள்ளை இருந்தால் போன் வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டுத் தானே குறைத்துக்கொள்ளும். நிழல் ஒரு பக்கமோ நடுவிலோ கூடி, ஒரு வடிவத்தோடு இருக்கும். இந்தச் சாம்பல் நாலு மூலையிலும் ஒரே மாதிரி இருக்கும். போன் திரையில் பொருளைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கொஞ்சம் தள்ளுங்கள். ஜரிகையின் நூல் கோடுகள் மறையத் தொடங்கினால் ஒரு இழை இறக்கிவிடுங்கள்.

எல்லா நிழலையும் எடுத்துவிடுவது

போன் நிழல் போன சந்தோஷத்தில் பொருளின் அடியில் உள்ள மெல்லிய நிழலையும் சேர்த்து வெளுக்க வைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ரவிக்கை அட்டையில் கிடப்பதாகவே தெரியாது, அந்தரத்தில் மிதக்கும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் விரல் அகல நிழல் இருந்தால் அதை அப்படியே விடுங்கள். அது கறுப்பாகத் தெரிந்தால் மட்டும் சாய்த்து வைத்த மணிலா அட்டையைப் பொருளுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்துங்கள்.