லிங்கை மாற்றிவிட்டுத்தான் ஆட்களை நீக்க வேண்டும்

சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் திருவிழா வாட்ஸ்அப் குழுவில் நானூறு பேருக்கு மேல் இருக்கிறோம். பெரும்பாலும் பழைய தோட்டத்துக் குடும்பங்கள். திடீரென்று தெரியாத எண்கள் நுழைந்து, வீட்டிலிருந்தே வேலை, நாளுக்கு 300 ரிங்கிட் என்று போட ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டி அதை நம்பித் தன் ஐசி எண்ணைக்கூட அனுப்பப் போனார், நல்லவேளை பேரன் பார்த்துத் தடுத்துவிட்டான்.

இன்னொரு அட்மின் அண்ணன் ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே இருந்தார், ஆனால் குழுவின் அழைப்பு லிங்க் வெளியில் சுற்றும்வரை வேறு எண்ணில் வந்துகொண்டேதான் இருப்பார்கள். லிங்க் வழியாக வந்தவர்கள் என்பது சாட்டிலேயே தெரியும், லிங்க் வழியாக யார் சேர்ந்தாலும் அப்படி ஒரு வரி விழும்.

அதனால் முதலில் குழுவின் பெயரைத் தட்டி, அழைப்பு லிங்க் பக்கத்துக்குப் போய் Reset link கொடுத்தேன். உடனே பழைய லிங்க் செத்துவிடும், அதிலிருந்து எடுத்த கியூஆரும் செத்துவிடும். அந்த கியூஆரோடு மண்டபச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸையும் கிழித்துவிட்டோம். ஏற்கெனவே உள்ளே வந்தவர்கள் மட்டும் அப்படியே இருப்பார்கள், ரீசெட் அவர்களை வெளியேற்றாது. அப்புறம்தான் அவர்களை நீக்கி, போட்ட மெசேஜ்களை அட்மினாக எல்லோருக்கும் அழித்தேன்.

கடைசியாக, புதியவர்களை அட்மின் ஏற்க வேண்டும் என்ற அமைப்பையும் போட்டேன். இப்போது யாராவது கேட்டால், எந்த லயன், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்த பிறகுதான் சேர்க்கிறோம்.