அலுவலக விருந்துக்கு கொட்டேஷன்: ‘ஒரு இலை 220 ரூபாய்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

ஓணம் நெருங்கினால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து அலுவலகங்களில் இலை போட்டுச் சாப்பாடு ஏற்பாடு செய்வார்கள். சமையல் ஒப்பந்தக்காரரிடம் கொட்டேஷன் கேட்பார்கள். பெரும்பாலும் போகிற பதில் ஒரே வரிதான்: “150 பேருக்கு, ஒரு இலை 220 ரூபாய் வீதம், மொத்தம் 33,000. முன்பணம் பாதி.” பிறகு வருகிற சச்சரவுகளில் பாதி இந்த வரியிலிருந்தே முளைக்கின்றன.

முதல் தவறு, ஆள் எண்ணிக்கையோடு கூடிக் குறைகிற செலவையும் குறையாத செலவையும் ஒரே விலைக்குள் போட்டுக் கட்டுவது. அந்த 220 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். சாப்பாடும் இலையும் சேர்ந்து இலைக்கு 180 என்றால் 27,000. விளம்ப ஐந்து பேருக்கு 700 வீதம் 3,500, வண்டிக்கு 1,500, பாத்திர வாடகை 1,000. இந்த 6,000 ரூபாய் நூறு பேர் வந்தாலும் நூற்றைம்பது பேர் வந்தாலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். முன்கூட்டியே அலுவலகம் 120 பேர் என்று குறைத்துவிட்டால், ஒரே விலைக் கணக்கில் உங்களுக்கு 26,400 வரும். பிரித்து எழுதியிருந்தால் 27,600 வரும்.

இதைவிடப் பெரிய அடி, சமைத்து முடித்த பிறகு ஆள் குறைவது. அரிசி வெந்தபின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. “விருந்துக்கு இரண்டு நாள் முன்பு மாலை ஐந்து மணிக்குள் இறுதி எண்ணிக்கையை எழுத்தில் தர வேண்டும், வருகை குறைந்தாலும் அந்த எண்ணிக்கைக்கே பில், பத்து இலை வரை கூடினால் அதே விலை” என்று எழுதுங்கள். பத்துக்கு மேல் கூடினால் உங்களால் தர முடியுமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பதார்த்தங்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். “காய்கறி எட்டு வகை, பாயசம்” என்றால் அவர்கள் அடைப் பிரதமனையும் போளியோடு பால் பாயசத்தையும் சேர்த்தே நினைத்திருப்பார்கள். சோறு சம்பாவா வெள்ளையா, பாயசம் எத்தனை முறை விளம்பப்படும் என்பதுவரை எழுதினால் நல்லது.

அடுத்தது வரி. “வரி தனி” என்று எழுதிவிட்டு எவ்வளவு என்று சொல்லாமல் விடுகிறார்கள். வெளியிடங்களுக்குச் செய்து கொடுக்கும் சாதாரண கேட்டரிங்குக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 33,000 ரூபாய்க்கு 1,650 சேர்ந்து 34,650 ஆகும். ஆனால் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் இதை வசூலிக்கவே கூடாது. மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தன் கையிலிருந்தே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வாடிக்கையாளரிடம் தனியாக வாங்க முடியாது. இந்த இரு வகையினரும் வரி வரிசையே இல்லாமல் முழு விலையாக எழுத வேண்டும்.

ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினால், வரி பிடிக்கக் கடமைப்பட்ட நிறுவனம் உங்கள் வருமான வரிக் கணக்கில் சேரும் டிடிஎஸ் தொகையைப் பிடித்துவிட்டுத்தான் பணம் தரும். தனிநபர் தொழிலுக்கு 1 சதவீதம். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் 33,000க்கு மட்டுமே 330 ரூபாய் பிடிப்பார்கள். கைக்கு வருவது 34,320. பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். கொட்டேஷனின் தலைப்பிலேயே பான் எண்ணும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணும் இருந்தால் கணக்குப் பிரிவு உங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடாது.

முன்பணத்தில் சதவீதத்தைவிட நாள் முக்கியம். ஓணத்துக்கு முன் காய்கறியும் வாழையிலையும் விலையேறும். விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும், முன்பணம் எந்தத் தேதிக்குள் வந்தால்தான் நாள் உறுதியாகும் என்பதையும் எழுதுங்கள். விருந்து ரத்தானால் சரக்கு வாங்குவதற்கு முன் எவ்வளவு திருப்பித் தருவீர்கள், வாங்கிய பிறகு எவ்வளவு என்பதும் வேண்டும். மீதிப் பணத்துக்கு “விருந்து முடிந்ததும்” என்று எழுதுவது வீண். அலுவலகத்தில் பில் மேசை மேசையாகப் போய்த்தான் பாஸாகும். “பில் கொடுத்த ஏழாம் நாளுக்குள்” என்று நாள் குறியுங்கள்.

கடைசியாக நேரம். “மதியம் 12.30” என்பது வண்டி வாசலில் நிற்கும் நேரமா, முதல் பந்தியில் இலை போடும் நேரமா? அலுவலகம் இரண்டாவதைத்தான் நினைக்கும். வண்டி 11.30க்கு வரும், எந்த மாடி, லிப்ட் உண்டா, குடிநீர் யார் பொறுப்பு, எச்சில் இலையை யார் அப்புறப்படுத்துவது என்று எழுதுங்கள். அதிகாரியின் வாழ்த்துரை நீளும். அதை எந்தக் கொட்டேஷனாலும் தடுக்க முடியாது. சாம்பாரை அடுப்பில் வைத்துச் சூடாக வைத்திருக்கலாம். தேங்காய் அரைத்த அவியலும் தேங்காய்ப்பால் பிரதமனும் வெயிலில் நெடுநேரம் தாங்காது. ஆகவே “இரண்டு மணிக்குள் கடைசிப் பந்தி முடிய வேண்டும், அதற்குப் பிறகு விளம்பும் உணவுக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்ற வரியைச் சேர்த்து, அலுவலகத்தின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகலை வாங்கிய பிறகே இலைக்குச் சொல்லி வையுங்கள்.