8% யீல்டு எந்தப் பாண்டுக்கு? ஸ்பாட் ரேட்டை மறந்தால் வரும் தவறுகள்

மூன்று வருட அரசுப் பத்திரம் ஒன்று 8% கூப்பனோடு சரியாக 100 ரூபாய்க்கு விற்கிறது என்று வையுங்கள். அதன் யீல்டு 8%. அதே மூன்று வருடத்தில் முதிரும் இன்னொரு அரசுப் பத்திரத்தின் கூப்பன் 12%. அதற்கு என்ன விலை? பலரும் யோசிக்காமல் அதே 8%-ஐப் போட்டுக் கணக்கிடுவார்கள். 110.31 என்று விடை வரும். அந்த விடை தவறு.

யீல்டு என்பது ஒரு குறிப்பிட்ட பாண்டின் விலை தெரிந்த பிறகு அதிலிருந்து பின்னோக்கி எடுக்கிற எண். அந்தப் பாண்டு தரும் எல்லாப் பணத்துக்கும் பொதுவான ஒரு சராசரி போன்றது அது. அதைத் திரும்ப அதே பாண்டில் போட்டால் அதே விலை வரும், அதில் பிழை இல்லை. ஆனால் 12% பாண்டில் முதல் இரண்டு வருடங்களில் கைக்கு வரும் பணத்தின் பங்கு அதிகம். பங்கு மாறினால் சராசரியும் மாறத்தானே வேண்டும்? ஒரு வருடத்தில் வரும் 12 ரூபாய்க்கு ஒரு வருட வட்டிதான் பொருந்தும், அது எந்தப் பாண்டிலிருந்து வந்தாலும் சரி. அதுதான் ஸ்பாட் ரேட்: இன்று போட்டு, நடுவில் எதுவும் வாங்காமல், அந்தத் தேதியில் மொத்தமாகப் பெறும் பணத்துக்கான வட்டி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக வட்டி வருடத்துக்கு ஒருமுறை வருகிறது எனலாம். 100 ரூபாய்க்கு விற்கும் பாண்டுகளின் கூப்பன் ஒரு வருடத்துக்கு 6%, இரண்டு வருடத்துக்கு 7%, மூன்று வருடத்துக்கு 8%. இவற்றுக்குப் பார் யீல்டு என்று பெயர்.

இரண்டாவது பெரிய தவறு இங்கேதான் நிகழ்கிறது. ஸ்பாட் ரேட் வேண்டும் என்று தெரிந்தவர்கள்கூட இந்த 6, 7, 8-ஐயே ஸ்பாட் ரேட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வருடத்துக்கு மட்டும் அது சரி. இரண்டு வருடப் பாண்டில் நடுவே ஒரு கூப்பன் இருப்பதால் அதன் 7% இரு காலங்களும் கலந்த எண். கலப்பைப் பிரிக்க, முதல் கூப்பனின் இன்றைய மதிப்பை 6%-ல் கண்டு, அதை விலையிலிருந்து கழித்துவிட்டு மீதியைப் பார்க்க வேண்டும். கீழே s2, s3 என்பவை இரண்டு, மூன்று வருட ஸ்பாட் ரேட்டுகள்:

```
100 = 7/1.06 + 107/(1+s2)^2                      s2 = 7.035%
100 = 8/1.06 + 8/1.07035^2 + 108/(1+s3)^3        s3 = 8.111%
```

இனி 12% பாண்டை விலையிடலாம். முதல் 12 ரூபாய் 6%-ல் 11.32 ஆகிறது. இரண்டாவது 12 ரூபாய் 7.035%-ல் 10.47. கடைசி 112 ரூபாய் 8.111%-ல் 88.64. மொத்தம் 110.43. ஒற்றை யீல்டு தந்த விலையைவிட 12 காசு கூடுதல். முகமதிப்பு பத்து கோடி என்றால் வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பிரித்தது சரிதானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. நான் இதை ஒருபோதும் தவிர்ப்பதில்லை. கிடைத்த ஸ்பாட் ரேட்டுகளால் 8% பாண்டையே மறுபடி விலையிடுங்கள், 100 வர வேண்டும். பார் யீல்டுகளை அப்படியே போட்டவருக்கு 100.27 வரும். சந்தையில் 100-க்கு விற்கும் பாண்டுக்கு அப்படி வந்தால் பிழை நம் வட்டியில்தான்.

மூன்றாவது தவறு கணக்கில் அல்ல, முடிவெடுப்பதில். ஸ்பாட் ரேட்டில் விலையிட்டால் 12% பாண்டின் யீல்டு 7.96% ஆக வருகிறது. 2% கூப்பன் பாண்டு 84.35 விலையில் 8.08% காட்டுகிறது. யீல்டு அதிகம் என்பதால் 2% பாண்டு மலிவு என்று பாய்வது தவறு. மூன்று பாண்டுகளும் ஒரே ஸ்பாட் ரேட்டுகளில் விலையிடப்பட்டவை, ஒன்றைவிட மற்றொன்று மலிவே இல்லை. காலம் கூடக்கூட ஸ்பாட் ரேட்டும் கூடி, வட்டிக்கோடு மேல்நோக்கி ஏறும்போது குறைந்த கூப்பன் பாண்டின் யீல்டு இயல்பாகவே சற்று உயர்ந்து நிற்கும். கோடு கீழ்நோக்கி இறங்கினால் இதற்கு நேர்மாறு. கோடு தட்டையாக இருந்தால் மட்டுமே ஒற்றை யீல்டும் ஸ்பாட் ரேட்டும் ஒரே விலையைத் தரும்.

இந்திய அரசுப் பத்திரங்களில் இதைச் செய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அவற்றின் கூப்பன் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும், யீல்டும் அந்த வழக்கப்படியே சொல்லப்படும். 364 நாள் டிரஷரி பில்லின் யீல்டோ 365 நாள் கணக்கில் தனிவட்டியாகச் சொல்லப்படுகிறது. டிரஷரி பில்லுக்குக் கூப்பன் இல்லாததால் அது நேரடியாக ஸ்பாட் ரேட் தருகிறது, அதனால் தொடக்கப் புள்ளியாக நன்றாக உதவும். ஆனால் வருடத்துக்கு 6% என்பது அரையாண்டுக் கூட்டுவட்டி முறையில் 5.91%-க்குத்தான் சமம். மாற்றாமல் 6 என்றே போட்டால், அந்தச் சிறு பிழை அடுத்தடுத்துப் பிரித்தெடுக்கும் ஒவ்வொரு ஸ்பாட் ரேட்டிலும் தொற்றிக்கொள்ளும்.