சிலேடையை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோகும்போது

வங்கியின் சேமிப்புக் கணக்கு விளம்பரம் ஒன்று. ஆங்கிலத் தலைப்பு: 'வீ டேக் அன் இன்ட்ரஸ்ட் இன் யூ'. அக்கறை, வட்டி என்ற இரண்டு பொருளையும் 'இன்ட்ரஸ்ட்' சுமக்கிறது. ரஷ்ய மொழியில் 'இன்தெரெஸ்' என்று சொன்னால் அக்கறை மட்டுமே மிஞ்சும். வட்டிக்கு அங்கே 'ப்ரத்ஸேன்ட்' என்று தனிச்சொல். நேரடியாகப் பெயர்த்தால், வங்கி உங்கள் மேல் கண் வைத்திருப்பதுபோலத் தொனிக்கும்!

எனவே அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். 'பணம் சம்பந்தப்பட்ட சொல், கூடவே வாடிக்கையாளருக்குச் சாதகமான இன்னொரு பொருள்' என்ற வேலையை மட்டும் குறித்துக்கொண்டு, ரஷ்ய வங்கிச் சொற்களில் இரட்டைப் பொருள் உள்ளவற்றைத் தேடுங்கள். 'ஷ்ஷோத்' கிடைக்கும். கணக்கு என்றும் பொருள், விளையாட்டில் ஸ்கோர் என்றும் பொருள். 'ஷ்ஷோத் வ் வாஷு போல்ஸு' என்றால் 'ஸ்கோர் உங்களுக்குச் சாதகம்'. கணக்கும் உங்களுக்கு லாபம். ரஷ்யர்கள் அன்றாடம் சொல்லும் தொடர் என்பதால் விளக்கம் தேவைப்படாது.

ஒரு கண்ணி உண்டு. விற்பது நிரந்தர வைப்பு என்றால் அது 'ஷ்ஷோத்' அல்ல, 'வ்க்லாத்'. நல்லவேளை, அதற்கும் 'பங்களிப்பு' என்ற இரண்டாம் பொருள் உண்டு. ஆனால் 'எதிர்காலத்துக்கான வ்க்லாத்' என்பது தேய்ந்துபோன தொடர், எனக்குப் பிடிக்காது.

மொழிபெயர்ப்பை வங்கிக்கு அனுப்பும்போது சொல்லுக்குச் சொல் பொருளையும், சிலேடை எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். படம் பழைய சிலேடையைச் சார்ந்திருந்தால், அதையும் மாற்றச் சொல்லுங்கள்.