ஹாம்ஸ்ட்ரிங் இழுத்துக்கொண்டால்: வலி போனதும் முழு வேகம் வேண்டாம்

பந்தைத் துரத்தும்போது தொடையின் பின்பக்கத் தசையான ஹாம்ஸ்ட்ரிங் சுரீரென்று இழுத்ததா? அன்றே ஆட்டத்தை நிறுத்துங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டிருந்தாலோ, பெரிதாக ரத்தம் கட்டினாலோ, நடக்கவே முடியாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

சில நாளில் மெதுவாக ஓடினால் வலிக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். வேகமாக ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இந்தத் தசை நீண்டுகொண்டே காலைப் பிடித்து நிறுத்துகிறது. மெது ஓட்டத்தில் அந்தச் சுமை மிகக் குறைவு.

அதனால் படிப்படியாக ஏறுங்கள். 20 மீட்டரில் வேகம் கூட்டி, அடுத்த 20 மீட்டர் அதே வேகத்தில் ஓடி, அப்புறம் 20 மீட்டரில் மெல்லக் குறையுங்கள். சட்டென்று நிற்பதும் தசையை இழுக்கும். பாதி வேகத்தில் ஐந்தாறு முறை ஓடுங்கள். மறுநாள் காலை மல்லாந்து படுத்து, முட்டி மடக்காமல் காலைத் தூக்கிப் பாருங்கள். மற்ற கால் அளவுக்கு வலியின்றி வந்தால், ஒரு நாள் விட்டு 70 சதவீதம், பிறகு 80. இறுக்கம் தெரிந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

80-க்கு மேல் அவசரமே கூடாது. 90-ஐ இரண்டு மூன்று நாள் ஓடிப் பார்த்த பிறகே முழு வேகம். பந்தோடு திரும்புவதும் உதைப்பதும் இதே வரிசையில்தான்.