ஏஎல் கடைசிக் கிழமை: முழு பேப்பர எப்ப நிப்பாட்டுற?

ஏஎல் தொடங்க மூண்டு நாளைக்கு முன்னமே டைம் வச்சு முழு பேப்பர் செய்றத நிப்பாட்டிருங்க, பிறகு பிழைச்ச கேள்விய மட்டும் விடையப் பாக்காம திருப்பிச் செய்ங்க. பௌதிகவியல் எம்சிகியூ 50ல 12 பிழைச்சிட்டா அந்த 12ஐயும் அடுத்த நாள் காலமை செய்து பாருங்க, சரியா வந்தா அவசரத்தில விட்டது, திரும்பவும் பிழைச்சா பாடம் விளங்கல்ல, அந்த அலகு நோட்ஸ மட்டும் எடுத்துப் படிச்சா போதும். புதுப் பேப்பர்ல வாற பிழையளத் திருத்த நாள் இருக்காது, நித்திரையும் போயிரும். மட்டக்களப்பு டவுன்ல கிளாஸ்ல கடைசி நாள் பேப்பர் குடுத்தாலும் வாங்கி வைங்க, செய்யாதீங்க.

ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள 50ஐயும் முடிக்க ஏலாத புள்ளயளுக்கு இது சரிவராது, அவங்க காலமையில ஒரு மணித்தியாலத்துக்கு 25 கேள்வி எண்டு தொடர்ந்து செய்யத்தான் வேணும்.